பேஜ்ரேங்க் யாருடையது? ஒரு பேட்டன்ட்டை வரிவரியாகப் படித்துப் பார்த்தால்

கேள்வி: ஒரு டெக்னாலஜி கம்பெனி உள்ளுக்குள் என்ன கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது, அதன் உரிமை யார் கையில் இருக்கிறது என்று பேட்டன்ட் ஆவணங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்கிறார்கள். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. எங்கே ஆரம்பித்து, எதைப் படிப்பது?

கம்பெனி பெயரைப் போட்டுத் தேடியதில்தான் சிக்கலே. கூகுள் என்ற கம்பெனி எழுந்து நின்றது, பக்கங்களுக்கு வரும் இணைப்புகளை வைத்து அவற்றை வரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் என்ற முறையை நம்பி. அந்தப் பேட்டன்ட்டின் முதல் பக்கத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் கூகுள் இல்லை. பெயரை மட்டும் வைத்துத் தேடியவர்கள் கூகுளின் அஸ்திவாரத்தையே பார்க்காமல் மேல்மாடியை எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள். அதனால் அந்த ஒரு பேட்டன்ட்டையே எடுத்து, நான் வழக்கமாக எந்த வரிசையில் படிப்பேனோ அதே வரிசையில் படித்துக் காட்டுகிறேன். உங்கள் கம்பெனிக்கும் வழி இதுதான்.

ஒரு சொல் விஷயம். காப்புரிமை என்று எழுதினால் பாதிப் பேர் அதைப் புத்தகத்துக்கும் பாட்டுக்கும் இருக்கிற காப்பிரைட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் பேட்டன்ட் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தேடுங்கள், கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். கம்பெனிகள் பெயர் மாறும், ஒன்றோடொன்று இணையும், கிளைக் கம்பெனி பெயரில் பதியும். கண்டுபிடித்த ஆளின் பெயர் மாறாது. கூகுள் பேட்டன்ட்ஸ் தேடல் பெட்டியில் இப்படிப் போடலாம்:

```
inventor:"Lawrence Page" before:priority:19990101
```

பேஜ்ரேங்க்கைக் கண்டுபிடித்தவர், கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஊருக்கெல்லாம் அவர் லாரி பேஜ். பேட்டன்ட்டில் லாரன்ஸ் பேஜ். ஆவணத்தில் முழுப்பெயர்தான் இருக்கும் என்பதை மறந்தால் முதல் தேடலிலேயே ஆளைக் கோட்டைவிடுவோம். அதே பெயரில் வேறு ஆட்களும் இருப்பார்கள் என்பதால் தலைப்பைப் பார்த்துக் கழிக்க வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது `US6285999B1`. தலைப்பு `Method for node ranking in a linked database`. தேடுபொறி, இன்டர்நெட் என்ற வார்த்தை எதுவும் தலைப்பில் இல்லை. இது சாதாரணம். பேட்டன்ட் எழுதுகிறவர்கள் தலைப்பை எவ்வளவு மொட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு மொட்டையாக வைப்பார்கள். தலைப்பை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனியின் ஆராய்ச்சியைப் பற்றி முடிவு கட்டாதீர்கள்.

எண்ணின் கடைசியில் இருக்கும் இரண்டு எழுத்தே ஒரு தகவல். அமெரிக்காவில் 2001 முதல் `A1` என்றால் வெறும் விண்ணப்பம், வெளியிட்டிருக்கிறார்கள், அவ்வளவே. உரிமை எதுவும் கிடைக்கவில்லை. `B2` என்றால் முன்பே விண்ணப்பமாக வெளியாகி, பிறகு வழங்கப்பட்ட பேட்டன்ட். `B1` என்றால் முன்னால் வெளியாகாமல் நேரே வழங்கப்பட்டது. "இந்தக் கம்பெனி இதற்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டது" என்று வரும் செய்திகளில் கணிசமானவை `A1` ஆவணத்தைப் பார்த்து எழுதியவை. அந்த ஓர் எழுத்தைப் பார்த்திருந்தால் அந்தச் செய்தியே வந்திருக்காது.

இனி முதல் பக்கம். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். 54 தலைப்பு, 75 கண்டுபிடித்தவர் (புதிய பேட்டன்ட்களில் 72), 73 உரிமை பெற்றவர், 22 விண்ணப்பித்த நாள், 45 வழங்கிய நாள், 56 மேற்கோள் காட்டிய பழைய ஆவணங்கள். இந்த எண்கள் உலகப் பொது. ஜப்பானிய மொழி ஒரு எழுத்துக்கூடத் தெரியாமல் ஜப்பானியப் பேட்டன்ட்டில் உரிமையாளர் எந்த வரியில் இருக்கிறார் என்று நான் கை வைத்துக் காட்டுவது இதை வைத்துத்தான்.

நம் பேட்டன்ட்டில் 22-இல் இருப்பது 1998 ஜனவரி 9. அதற்குப் பக்கத்தில் 60 என்ற எண்ணில் இன்னொரு தேதி: 1997 ஜனவரி 10. அது தற்காலிக விண்ணப்பம். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கிளெய்ம் எதுவும் எழுதாமல், "இந்த நாளில் இது என் கையில் இருந்தது" என்று இடம்பிடித்து வைப்பதற்கான வழி. அதன்பிறகு 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட்டாக வேண்டும், இல்லையென்றால் பிடித்த இடம் போய்விடும். அவர்கள் போட்டது கெடுவுக்கு முந்தின நாள், ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி. பேட்டன்ட் வழக்கறிஞர்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். எங்கேயும் கதை இதேதான்.

இந்தத் தேதிகளை வைத்து என்ன தெரிகிறது? கூகுள் கம்பெனி பதிவானது 1998 செப்டம்பரில். கண்டுபிடிப்பு அதற்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல் முந்தையது. அதாவது கண்டுபிடித்தபோது கூகுள் என்று ஒரு கம்பெனியே கிடையாது. ஒரு கம்பெனி என்ன கண்டுபிடித்தது என்று பார்க்கும்போது வழங்கிய நாளைப் பார்ப்பது வீண். மிகப் பழைய தேதி எதுவோ அதுதான் ஆராய்ச்சி நடந்த காலத்துக்கு நெருக்கமானது. இந்தப் பேட்டன்ட் வழங்கப்பட்டது 2001 செப்டம்பர் 4. அந்த நாளை வைத்துக் கணக்குப் போட்டால் நாலரை வருடம் பிசகும். எல்லோரும் கண்டுபிடித்து ஓய்ந்த பிறகு இவர்கள் ஆரம்பித்ததுபோலத் தோன்றும்.

அடுத்தது உள்ளடக்கம். இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். பேட்டன்ட்டில் இரண்டு பகுதிகள் இரண்டு வேறு வேலையைச் செய்கின்றன. விவரணைப் பகுதி, கண்டுபிடித்தவர் மற்றவர்களுக்குப் புரியும்படி செய்முறையைச் சொல்லுவது. கடைசியில் எண்ணிட்டு வரும் கிளெய்ம்கள், எதற்கு வேலி போடுகிறோம் என்று சொல்லுவது. கம்பெனியின் பொறியாளர்கள் என்ன யோசித்தார்கள் என்று அறிய விவரணை. மற்றவர்களை எதிலிருந்து தடுக்க முடியும் என்று அறிய கிளெய்ம்.

பேஜ்ரேங்க் விவரணையில் ஒரு குட்டி உதாரணம் வருகிறது. A, B, C என்று மூன்று பக்கங்கள். A மற்ற இரண்டு பக்கங்களுக்கும் இணைப்புக் கொடுக்கிறது. B கொடுப்பது C-க்கு மட்டும். C கொடுப்பது A-க்கு மட்டும். ஒரு பக்கம் தன் மதிப்பைத் தான் கொடுக்கும் இணைப்புகளுக்குச் சமமாகப் பங்குபோட்டுக் கொடுக்கும் என்பதுதான் விதி. C-யின் மதிப்பு முழுதும் A-க்கு வருகிறது, ஆகவே A-யும் C-யும் சமம். A-யின் மதிப்பில் பாதி B-க்கு. மூன்றையும் கூட்டினால் 1 வரவேண்டும் என்று வைத்துத் தீர்த்தால் A 0.4, B 0.2, C 0.4. பேப்பரும் பேனாவும் போதும், நீங்களே போட்டுப் பார்க்கலாம். இவ்வளவு பெரிய கம்பெனியின் மூலக்கருத்து இவ்வளவு எளிதாக ஒரு பக்கத்தில் அடங்கியிருப்பதைப் பார்க்கும்போது, கம்பெனிகளைப் பற்றிய செய்தியைப் படிப்பதைவிட ஆவணத்தையே படிப்பது எவ்வளவு மேல் என்று தோன்றும்.

இப்போது முதல் கிளெய்மைப் பாருங்கள். தமிழில் சுருக்கிச் சொன்னால்: ஒன்றையொன்று சுட்டும் ஆவணங்களைத் திரட்டு; சுட்டப்படும் ஆவணம் ஒவ்வொன்றுக்கும், அதைச் சுட்டுகிற ஆவணங்களின் மதிப்பெண்ணை வைத்து ஒரு மதிப்பெண் கொடு; அந்த மதிப்பெண்படி அவற்றைக் கையாளு. அவ்வளவுதான். மேலே நாம் போட்ட கணக்கு அதில் இல்லை. சமமாகப் பங்குபோட வேண்டும் என்ற விதிகூட இல்லை. வேறு ஒரு சூத்திரத்தில் கணக்கிட்டாலும், சுட்டுகிறவரின் மதிப்பெண்ணை வைத்துச் சுட்டப்படுகிறவருக்கு மதிப்பெண் போட்டால் இந்த வேலிக்குள் வந்துவிடுவீர்கள். உதாரணம் சின்னது, வேலி பெரியது.

தலைகீழாகவும் நடக்கும். விவரணையில் பத்து யோசனை சொல்லியிருப்பார்கள். கிளெய்மில் ஒன்றுதான் இருக்கும். மீதி ஒன்பதைப் பார்த்து "இதெல்லாம் அவர்களுக்குப் பேட்டன்ட் உள்ளது" என்று சொல்வது புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. கிளெய்மில் இல்லாதது அந்தப் பேட்டன்ட்டின் உரிமை இல்லை. ஆனால் அவசரப்பட்டு நிம்மதியும் அடைய வேண்டாம். அதே விவரணையை வைத்துக்கொண்டு, பழைய தேதியையே பிடித்துக்கொண்டு, புதிய கிளெய்ம்களோடு தொடர்ச்சி விண்ணப்பம் போட அமெரிக்காவில் வழி இருக்கிறது. முந்தைய விண்ணப்பம் முடிவதற்குள் அடுத்ததைப் போட்டுவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. பேஜ்ரேங்க்குக்கும் அப்படியே நடந்தது. 2004-இல் `US6799176`, 2006-இல் `US7058628`, 2007-இல் `US7269587` என்று ஒரே வேரிலிருந்து முளைத்துக்கொண்டே வந்தன. ஆகவே ஒரு பேட்டன்ட்டைத் தனியாகப் படித்து முடிவுசெய்யாதீர்கள், அதன் குடும்பத்தையும் பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸில் பக்கத்தின் அடியில் `Family` என்றும், ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகத்தின் எஸ்பசேனெட்டில் தனித் தாவலாகவும் இது கிடைக்கும். ஒரு கம்பெனி எந்தக் கண்டுபிடிப்புக்குத் திரும்பத் திரும்ப வந்து வேலி போடுகிறதோ, அதுதான் அதற்கு முக்கியம். நான் எண்ணிக்கையைவிட இதைத்தான் நம்புவேன்.

அந்தத் தொடர்ச்சிகளில் சிலவற்றின் மேற்கோள் பட்டியலில் ஓர் எண் இருக்கிறது: `US5920859A`. எடுத்துப் பார்த்தால், இணைப்புகளை வைத்து ஆவணங்களை வரிசைப்படுத்தும் இன்னொரு முறை. விண்ணப்பித்த நாள் 1997 பிப்ரவரி 5. பேஜின் தற்காலிக விண்ணப்பத்துக்கு நாலு வாரத்துக்குள். கண்டுபிடித்தவர் யான்ஹோங் லீ. உலகம் அவரை ராபின் லீ என்று அழைக்கும். 2000-இல் சீனத் தேடுபொறிக் கம்பெனியான பைடுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தப் பேட்டன்ட்டின் உரிமையாளர் இடத்தில் பைடு இல்லை. அவர் அப்போது வேலை பார்த்த தகவல் நிறுவனத்தைச் சேர்ந்த ஐடிடி என்டர்பிரைசஸ் பெயர் இருக்கிறது. இரண்டு பெரிய தேடுபொறிகள், இரண்டு நிறுவனர்கள், இருவருடைய மூலக் கண்டுபிடிப்பும் பதிவானது அவர்கள் பின்னால் தொடங்கிய கம்பெனியின் பெயரில் அல்ல. மேற்கோள் பட்டியலைப் பின்தொடர்ந்தால் இப்படித்தான் போட்டிக்காரர்கள் தாமாகவே வெளியே வருவார்கள்.

இனி உரிமை யாரிடம் என்ற கேள்வி. பேஜ்ரேங்க் பேட்டன்ட்டின் 73-வது இடத்தில் இருப்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு. பேஜ் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது செய்த வேலை என்பதால் உரிமை அங்கே போயிற்று. உள்ளே புரட்டினால் ஒரு சிறு பத்தி, கண்ணில் படாமலே தாண்டிப் போகக்கூடியது: இந்தக் கண்டுபிடிப்புக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதி ஓரளவு உதவியது, அரசுக்கும் இதில் சில உரிமைகள் உண்டு என்கிறது. நிதிக்கான எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள். 1980-இன் பே-டோல் சட்டப்படி, அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அரசு தன் தேவைக்கு அதைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தும் லைசென்ஸைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஆக, ஒரே பேட்டன்ட்டில் இதுவரை மூன்று பேர்: கண்டுபிடித்த பேஜ், உரிமையாளரான ஸ்டான்ஃபோர்டு, மூலையில் நிற்கும் அரசு. கூகுளை இன்னும் காணோம்.

முதல் பக்கத்துப் பெயர் வழங்கிய நாளின் நிலவரம். அதன்பிறகு பத்துக் கை மாறினாலும் அந்தப் பக்கம் மாறாது. அடுத்தடுத்த கைமாற்றத்துக்கு வேறு இடம்: அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகத்தின் உரிமை மாற்றப் பதிவேடு. நிலத்துக்கு வில்லங்கச் சான்று பார்ப்பதுபோலத்தான் இது. பேட்டன்ட் எண்ணைக் கொடுத்தால் யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில் என்று வரிசையாகக் காட்டும். கூகுள் பேட்டன்ட்ஸில் `Current Assignee` என்று ஒரு பெயர் தெரியுமே, அதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அது சட்டப்படி ஆராய்ந்து சொன்னதல்ல, தவறாக இருக்கலாம் என்று அவர்களே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

பதிவேட்டைப் படிக்கும்போது பெயரைவிட முக்கியம் அதற்கு மேலே இருக்கும் பதிவு வகை. `ASSIGNMENT OF ASSIGNORS INTEREST` என்றால் உரிமை கைமாறியது. `CHANGE OF NAME`, `MERGER` என்றால் ஆள் அதே, சட்டை வேறு. `SECURITY INTEREST` என்றால் கடனுக்கு ஈடாக வைத்திருக்கிறார்கள், விற்கவில்லை. இதில் நான் ஒருமுறை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனியின் நாற்பது சொச்சம் பேட்டன்ட்களை அலசி, "எல்லாவற்றையும் ஒரு வங்கிக்கு விற்றுவிட்டார்கள்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியில் வங்கி பெயர் இருந்தது, வகையைப் பார்க்கவில்லை. மேலே இருந்தவர் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, "வீட்டை அடமானம் வைத்தவன் வீட்டை விற்றவனாப்பா?" என்று ஒரே கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு கடன் தீர்ந்ததற்கான `RELEASE` பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தச் சங்கிலியையும் நான் மூடுவதில்லை.

பதிவேட்டுக்கும் எல்லை உண்டு. கைமாற்றத்தைப் பதிந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூன்று மாதத்துக்குள் பதியாவிட்டால், விஷயம் தெரியாமல் பிறகு விலை கொடுத்து வாங்குகிறவருக்கு எதிராக அது செல்லாமல் போகலாம் என்பதால் பெரும்பாலோர் பதிந்துவிடுகிறார்கள். பதிந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் பெரிய விஷயம். ஸ்டான்ஃபோர்டுக்கே இதில் ஒரு பாடம் நடந்தது. ஓர் ஆராய்ச்சியாளர் பல்கலைக்கழகத்தில் போட்ட கையெழுத்தில் "உரிமையை மாற்றிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்று இருந்தது. பிறகு ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை கற்கப் போனபோது போட்ட கையெழுத்தில் "இதன் மூலம் மாற்றிக் கொடுக்கிறேன்" என்று இருந்தது. முதலாவது வாக்குறுதி, இரண்டாவது கொடுத்தே விட்டது. ரோஷ் கம்பெனியோடு நடந்த அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-இல் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. அரசு நிதியில் நடந்த ஆராய்ச்சி என்பதாலேயே உரிமை தானாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடாது என்றது நீதிமன்றம். முதல் பக்கத்தில் பல்கலைக்கழகப் பெயர் அச்சாகியிருப்பது அதைக் காப்பாற்றவில்லை.

சரி, கூகுள் எங்கே? லைசென்ஸ் வாங்கியவராக இருந்தது. லைசென்ஸைப் பதிவேட்டில் போட வேண்டிய அவசியமே இல்லை. பேட்டன்ட் பக்கத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது. தெரிகிற இடம் வேறு: கம்பெனி பங்குச் சந்தைக்கு வரும்போது முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கும் ஆவணம். கூகுள் 2004-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையத்திடம் கொடுத்த எஸ்-1 ஆவணத்தில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறது. பேஜ்ரேங்க் பேட்டன்ட் ஸ்டான்ஃபோர்டுக்குச் சொந்தம். எங்களிடம் இருப்பது நிரந்தர லைசென்ஸ். எங்களுக்கு மட்டும் என்ற தனியுரிமை 2011 வரை, 2003 அக்டோபரில் அதை நீட்டித்தோம். அதன்பிறகு மற்றவர்களுக்கும் கொடுக்கப்படக்கூடிய சாதாரண லைசென்ஸ்.

இதைப் படித்தபிறகு பேட்டன்ட்டின் ஆயுளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 வருடம், தற்காலிக விண்ணப்பத்தின் நாள் இதில் சேராது. 1998 ஜனவரி 9-லிருந்து எண்ணினால் 2018 ஜனவரியில் முடிகிறது. ஆனால் தனியுரிமை 2011 வரை என்றுதான் அந்த ஆவணம் சொல்கிறது. நடுவில் ஆறேழு வருடம், பேட்டன்ட் உயிரோடு இருக்கும், கூகுளும் பயன்படுத்தலாம், ஆனால் மற்றவர்களை விலக்கி வைக்கும் பிடி அதன் கையில் இருக்காது. உரிமையாளர், பயன்படுத்துகிறவர், மற்றவரைத் தடுக்கக்கூடியவர் என்ற மூன்றும் ஒருவரே என்று நினைத்துக்கொண்டு படித்தால் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. லைசென்ஸுக்குப் பதிலாகக் கிடைத்த கூகுள் பங்குகள், சுமார் 18 லட்சம், 2005-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு 33.6 கோடி டாலர் கொண்டுவந்தன. பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வகத்திலிருந்து புறப்படும் கம்பெனியில் பங்கு கேட்பது ஏன் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது, கம்பெனி பெயரில் இல்லாத பேட்டன்ட். எதிர்ப்பக்கமும் உண்டு: கம்பெனி பெயரில் இருக்கும், ஆனால் அது கண்டுபிடித்தது இல்லை. கூகுள் 2012-இல் மோட்டோரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு வாங்கியபோது அதனோடு சுமார் 17,000 பேட்டன்ட்கள் வந்தன. 2014-இல் போன் வியாபாரத்தை லெனோவோவுக்கு விற்பதாக அறிவித்தபோது பேட்டன்ட்களில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவற்றில் பல இன்று `Google Technology Holdings LLC` என்ற பெயரில் நிற்கின்றன. "கூகுள் என்ன ஆராய்ச்சி செய்கிறது" என்று இவற்றையும் சேர்த்து எண்ணினால், கூகுளின் பொறியாளர் யாரும் தொடாத ரேடியோ அலைக் கண்டுபிடிப்புகள் கணக்கில் ஏறிவிடும். பிரித்துப் பார்ப்பது எளிது. பதிவேட்டின் முதல் வரியைப் பாருங்கள். கண்டுபிடித்தவர் யாருக்கு எழுதிக் கொடுத்தாரோ, ஆராய்ச்சி நடந்தது அங்கே. `Motorola, Inc.` என்று ஆரம்பித்து இரண்டு மூன்று கை மாறி கூகுளுக்கு வந்திருந்தால் அது வாங்கிய சரக்கு. வாங்கியது ஏன் என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் வழக்குப் போடவோ, போடவரும் வழக்கைத் தாங்கவோ.

இப்போது உங்கள் கம்பெனிக்கு வருவோம். ஆயிரக்கணக்கில் வந்தவற்றை எண்ண வேண்டாம். அந்தக் கம்பெனியின் பொருளுக்குப் பின்னால் இருக்கும் நாலைந்து முக்கியப் பொறியாளர்களின் பெயரை எடுத்து, அவர்கள் அங்கே சேர்வதற்கு முன்பு போட்ட விண்ணப்பங்களிலிருந்து தொடங்குங்கள். அதில் வரும் உரிமையாளர் பெயர்களைக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் பழைய பெயர், கிளைப் பெயர், தாய்க் கம்பெனிப் பெயர் எல்லாவற்றிலும் தேடுங்கள். குடும்பமாகக் கூட்டிப் பாருங்கள். ஒரே கண்டுபிடிப்பு ஐந்து நாட்டில் பதிவானால் ஐந்தாகத் தெரியும், உண்மையில் ஒன்று. எந்தக் குடும்பத்துக்குத் தொடர்ச்சி வந்துகொண்டிருக்கிறது, எதற்குக் கட்டணம் கட்டாமல் விட்டுவிட்டார்கள் என்று பிரியுங்கள். அமெரிக்காவில் வழங்கியபின் மூன்றரை, ஏழரை, பதினொன்றரை வருடத்தில் கட்டணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பேட்டன்ட் செத்துவிடும். ஆனால் தேடலில் மற்றவற்றோடு அதுவும் வந்து நிற்கும். கம்பெனி எதைக் கைகழுவியது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

கம்பெனி ரகசியமாகவே வைத்துக்கொண்டதை இங்கே தேடாதீர்கள். பேஜ்ரேங்க்கின் அடிப்படை பேட்டன்ட்டில் இருக்கிறது. கூகுள் தன் முடிவுகளை வரிசைப்படுத்த அதோடு வேறு எதையெல்லாம் எவ்வளவு எடையில் சேர்த்தது என்பதை அந்தப் பேட்டன்ட்டிலிருந்து எடுக்க முடியாது. வெளியே இருந்து பார்த்துக் காப்பியடிக்க முடியாததைப் பேட்டன்ட் போட்டுச் சொல்லிக்கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் அவசரமில்லை.

கடைசியாக, வருட வாரியாக வரைபடம் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பங்கள் பொதுவாக அவற்றின் மிகப் பழைய தேதியிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். வெளிநாட்டில் விண்ணப்பிக்கப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்தால், அமெரிக்காவில் வழங்கும்வரை வெளியிடாமல் வைத்துக்கொள்ளவும் முடியும். பேஜ்ரேங்க் காலத்தில் இந்த 18 மாத விதியே அங்கே இல்லை. 2000 நவம்பர் இறுதியிலிருந்து போட்ட விண்ணப்பங்களுக்குத்தான் அது. `B1` என்று நின்றதற்குக் காரணமும் அதுவே. ஆகவே நீங்கள் இன்றைக்குத் தேடி வரைந்தால், வலது ஓரத்தில் கடைசி ஒன்றரை வருடம் கோடு சரிந்து தரைக்கு வந்து நிற்கும். எந்தக் கம்பெனியைத் தேடினாலும் அப்படித்தான் நிற்கும். அதைக் கத்தரித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.